தோல் தடிப்பைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் டாக்டரிடம் காட்டுவது எப்படி: வெளிச்சம், அளவு, நாள் கணக்கு

நேரில் போனால் தோல் டாக்டர் தடிப்பைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். விரலால் தடவி மேடா சமமா என்று அறிவார், அழுத்திச் சிவப்பு மறைகிறதா என்று பார்ப்பார், விரல் இடுக்கை விரிப்பார், செருப்பைக் கழற்றச் சொல்வார். ஆன்லைனில் இவை எல்லாவற்றுக்கும் பதில் நீங்கள் அனுப்பும் போட்டோவில்தான் இருக்க வேண்டும். வீடியோ காலில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நெட் சற்றுக் குறைந்தாலே வீடியோவில் செதிலும் கொப்புளமும் கலங்கிப் போகும், நிறமும் மாறும். முன்கூட்டி எடுத்த தெளிவான போட்டோவே உதவும்.

முதல் நாள் அரை மணி நேரம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஒரு பால்பாயின்ட் பேனா, வெள்ளைக் காகிதம், பள்ளிக்கூட ஸ்கேல், கண்ணாடி டம்ளர் ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

## 1. போட்டோ எடுக்கக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

உதடு, கண், நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாள், சில வாரங்களுக்குள் தடிப்போடு வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிவு சேர்ந்து வந்தாலும் அதே அவசரம்தான். காய்ச்சலோடு சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் வந்து, அழுத்தினாலும் மறையவில்லை என்றால் (பார்க்கும் முறை நான்காம் படியில்) நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காலில் சூடும் வலியுமாகச் சிவப்பு பரவினால் அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதிவிட்டு அன்றைக்கே நேரில் காட்டுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் அந்தக் கோடே டாக்டருக்குச் செய்தி சொல்லும்.

இன்னொன்று அவசரம் இல்லை, ஆனால் போட்டோவால் தீராது. வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமல் போன்ற திட்டு, அந்த இடத்தில் மட்டும் தொடு உணர்ச்சி குறைவு என்றால் தொழுநோயா என்று நேரில்தான் பார்க்க முடியும், ஏனென்றால் உணர்ச்சியைப் படம் பிடிக்க வழியில்லை. வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் அலைச்சல் குறைவு. கரிகிரி மருத்துவமனை இதற்கென்றே வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம்.

## 2. எடுப்பதற்கு முன் தோலைத் தயார் செய்யுங்கள்

பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, கலமைன், பவுடர், தேங்காய் எண்ணெய் எது பூசியிருந்தாலும் போட்டோ பொய் சொல்லும். மஞ்சள் சிவப்பை மறைக்கும். எண்ணெய் செதிலைப் படிய வைத்து, காய்ந்த தோலை ஈரத் தோல் போலக் காட்டும். கலமைன் எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிடும். சாதாரணத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். அதன் நிறமும் தடிமனும் டாக்டருக்குத் தேவை.

வெந்நீரில் குளித்த உடனே எடுக்க வேண்டாம், வெயிலில் வந்த உடனேயும் வேண்டாம். சித்திரை வெயிலில் நடந்து வந்தவருக்கு நல்ல தோலும் சிவந்திருக்கும், வியர்வை மினுக்கும். மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் உட்கார்ந்து ஆறிய பிறகு எடுங்கள். சொறிந்த உடனேயும் கூடாது.

மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசிய ஆயின்ட்மென்ட் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அரிப்புக்கு என்று விற்கும் பல ட்யூப்களில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை வட்ட விளிம்பை இழந்து, வேறு நோய் போலத் தெரியும். போட்டோவை மட்டும் பார்க்கும் டாக்டர் ஏமாறுவதற்கு இது முக்கியக் காரணம். ட்யூபின் முன்பக்கத்தையும், மருந்துப் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள், கடைசியாக எப்போது என்பதையும் குறித்து வையுங்கள். பல வாரமாகப் பூசிவருவதைப் போட்டோவுக்காகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதை டாக்டர் சொல்லட்டும்.

## 3. வெளிச்சம்

நல்ல இடம், வெயில் நேராகப் படாத வாசற்படி அல்லது ஜன்னல் ஓரம். காலை ஏழிலிருந்து பத்து வரை, மாலை நாலிலிருந்து ஐந்து வரை வசதி. நேர் வெயிலில் சிவப்பு வெளுத்துப் போகும், நிழல் கருப்பாக விழும்.

வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் பகல் வெளிச்சமும் மறுபக்கம் மஞ்சள் பல்பும் இருந்தால் ஒரே காலில் இரண்டு நிறம் தெரியும். சுற்றுப்புற நிறமும் தோலில் ஏறும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலோ பச்சைப் பிளாஸ்டிக் ஷீட்டோ போட்ட முற்றத்தில் எடுத்தால் சிவப்பு செத்துப்போகும். ரோஸ் சுவருக்குப் பக்கத்தில் எடுத்தால் நல்ல தோலும் சிவக்கும்.

ஃப்ளாஷ் வேண்டாம். அது நேராக அடித்து மேடு பள்ளத்தைச் சமமாக்கிவிடும், ஈரமான இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும்.

நம் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். படங்களில் பார்க்கிற பளிச் சிவப்பு நம் தோலில் பெரும்பாலும் வராது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கருப்புத் திட்டாகத் தெரியும். போனின் கேமரா இதை மேலும் கெடுக்கும். வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் காலை வைத்தால் கேமரா வெள்ளையைச் சமன் செய்யப் போய்த் தோலைக் கருக்கிவிடும். கறுப்புத் துணி விரித்தால் தோல் வெளுக்கும். மங்கலான சாம்பல், வெளிர் நீலம் போன்ற ஒற்றை நிறத் துணியே நல்லது. திரையில் தடிப்பின் மேல் விரலால் தொடுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் அந்த இடத்துக்குச் சரியாகும். தொட்ட விரலை இரண்டு மூன்று விநாடி எடுக்காமல் வைத்தால் பல போன்களில் அது பூட்டிக்கொள்ளும். ஐபோனில் `AE/AF LOCK` என்று மேலே வரும்.

உள்ளங்கை அளவு வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தடிப்புக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் இருக்கும்படி வையுங்கள். காகிதம் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் தோல் நிறமும் அந்த அளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். திரையில் நீங்கள் பார்க்கும் தோலை உங்கள் கண்ணுக்குத் தெரியும் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இடத்தை மாற்றி எடுங்கள். எடிட் செய்து சரிப்படுத்தாதீர்கள்.

## 4. தூரம், அளவு, கோணம்

முதலில் லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். பல போன்களில் செல்ஃபி கேமராவில் தோலை வழவழப்பாக்கும் பியூட்டி வசதி தானாகவே ஓடும். போர்ட்ரெய்ட், நைட் எதுவும் வேண்டாம். முடிந்தால் இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று தூரத்தில் எடுக்க வேண்டும். முதல் படம் மூன்றடி தள்ளி, உடலில் தடிப்பு எங்கே, இரண்டு பக்கமும் உண்டா என்று தெரியும்படி. இரண்டாவது ஓர் அடிக்குச் சற்று மேல். தடிப்போடு முழங்கால், கணுக்கால், தொப்புள் என்று ஏதாவது ஓர் அடையாளம் சேர்ந்து தெரிய வேண்டும். மூன்றாவது ஒரு சாண் தூரத்தில், நெருக்கமாக. அதைவிடக் கிட்டே போனால் ஃபோகஸ் போகும், போனின் நிழலும் விழும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். நெருக்கப் படத்தை மட்டும் பத்து அனுப்புவது எல்லோரும் செய்யும் பிழை. அது கையா தொடையா என்றே டாக்டருக்குத் தெரியாது.

அளவுக்கு நாணயம் வைப்பவர்கள் பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அது 27 மில்லிமீட்டர். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு அளவில் வந்தவை, அவற்றை வைத்துக் கணக்குப் போட முடியாது. நாணயத்தைவிட நல்லது காகிதப் பட்டை. விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஸ்கேலை வைத்து ஐந்து சென்டிமீட்டர் வரை பேனாவால் கோடு போடுங்கள். அதிலேயே தேதி, நேரம், இடது அல்லது வலது என்று எழுதிவிடுங்கள். காகிதம் கால் வளைவோடு வளையும், மினுக்காது, எடுத்து முடித்ததும் எறிந்துவிடலாம். பட்டை தோலை ஒட்டி, தடிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தோலுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கேமராவுக்குக் கிட்டே வந்து பெரிதாகத் தெரியும், தடிப்பு சிறிதாகிவிடும். புண்ணின் மேலே எதையும் வைக்காதீர்கள்.

கேமரா தோலுக்கு நேர் எதிரே, சாயாமல் இருக்கட்டும். இதற்கு ஒரே விலக்கு, மேடு காட்டும் படம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தோலைத் தடவிப் போகும்படி உட்கார்ந்து, கேமராவையும் சாய்த்து ஒன்று எடுங்கள். மேடான தடிப்புக்கு ஒரு பக்கம் நிழல் விழும், சமமான திட்டுக்கு விழாது. டாக்டர் விரலால் தடவி அறிவதை இந்த ஒரு படம் கொஞ்சமாவது சொல்லும்.

அழுத்திப் பார்ப்பதற்கு, சுத்தமான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். எவர்சில்வர் உதவாது. நிறம் மங்கினால் அது ரத்தக்குழாய் விரிந்த சிவப்பு. மங்காமல் அப்படியே நின்றால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கலாம். அழுத்தும் முன் ஒன்று, அழுத்தியபடி ஒன்று எடுங்கள். டெங்கு வருகிற மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்த தடிப்புக்கு இந்த இரண்டு படமும் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். மங்காத புள்ளி, கூடவே காய்ச்சல் என்றால் ஆன்லைன் வேண்டாம், நேரில் போங்கள்.

## 5. மாற்றத்தைக் கணக்கு வைப்பது

நாள்பட்ட தடிப்புக்குத் தினமும் எடுக்கத் தேவையில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அதே நேரம், அதே இடம், அதே தூரம் போதும். உட்காரும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டால் அளவு மாறாது. வெளிச்சம் மாறினால் தடிப்பு மாறியதா வெளிச்சம் மாறியதா என்று யாராலும் பிரிக்க முடியாது. பல இடத்தில் இருந்தால் இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள்: ஒன்று பழையது, ஒன்று புதிதாக வந்தது.

காணாக்கடிக்கு முறை வேறு. அது இரவு வந்து காலையில் போய்விடும், டாக்டரிடம் பேசும்போது தோல் சுத்தமாக இருக்கும். அதனால் வந்த உடனே, எந்த நேரமானாலும், கிடைக்கிற வெளிச்சத்தில் எடுங்கள். சரியான வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நேரத்தைக் குறியுங்கள். ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் அதே நேரம் ஒன்று. காணாக்கடியில் தனித்தனித் தடிப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து வேறு இடத்தில் கிளம்பும், ஆகவே வட்டம் காலியாகியிருக்கும். வட்டத்துக்குள்ளேயே ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, மறைந்த இடத்தில் கன்றியது போலத் தழும்பு விட்டாலோ அதை அவசியம் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டியிருக்கும், வைத்தியமே மாறும்.

## 6. ஒரு எடுத்துக்காட்டு: புறங்காலில் அரிப்பு

பேரணாம்பட்டில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், மூன்று வாரமாக இரண்டு புறங்காலிலும் அரிப்பு, கருமை, செதில் என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலை ஆன்லைனில் டாக்டர். டாக்டர் மனதில் ஓடும் கேள்விகள்: செருப்பு, ஷூ ஒவ்வாமையா, சேற்றுப்புண் போன்ற பூஞ்சையா, இல்லை வேறா. அவற்றைப் பிரிக்கிற மாதிரி படங்கள் வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் முன், வாசற்படியில் உட்கார்ந்து எடுக்கத் தொடங்கலாம். முழங்காலிலிருந்து விரல் வரை இரண்டு காலும் சேர்ந்து ஒன்று. வலது புறங்கால் நேர் மேலிருந்து ஒன்று, பட்டையோடு நெருக்கமாக ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. அடுத்து சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையே விரித்து ஒன்று. பூஞ்சை பெரும்பாலும் அங்கே வெளுத்து ஊறிப்போய் இருக்கும், செருப்பு ஒவ்வாமை பெரும்பாலும் இடுக்கை விட்டுவிடும். உள்ளங்கால் ஒன்று. இரண்டு கையும் விரித்து ஒன்று, தடிப்பு இல்லாவிட்டாலும் சரி. இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பிறகு எல்லோரும் மறக்கும் படம்: வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டபடி ஒன்று, கழற்றிய உடனே அதே கோணத்தில் ஒன்று. தடிப்பு ரப்பர் செருப்பின் வார் போன ‘வி’ வடிவத்தில் இருந்தால் சந்தேகம் ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள் மேல் போகும். கம்பெனியில் மூடின ஷூ போட்டு, விரல் மேலும் புறங்காலும் முழுதாகப் பாதித்திருந்தால் தோல் பதனிடும் குரோமியம், ஒட்டும் பசை ஆகியவையும் கணக்கில் வரும். ஷூவின் உள்பக்கத்தையும் ஒன்று எடுங்கள்.

திங்கள் காலை, புதன் காலை அதே ஏழு மணி, அதே வாசற்படி. ஞாயிறு லீவில் குறைந்து திங்களுக்குப் பிறகு ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஒவ்வாமைத் தடிப்பு பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாளில்தான் கிளம்பும், அடங்க அதைவிட அதிக நாளாகும். ஒரு நாள் லீவில் மாறவில்லை என்பதால் வேலை காரணம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பொங்கலுக்கு நாலைந்து நாள் வீட்டில் இருந்தபோது எப்படி இருந்தது என்ற நினைவு ஒரு நாள் லீவைவிட அதிகம் சொல்லும்.

இவ்வளவும் எடுத்துப் பத்துப் பதினைந்து படம் சேரும். அனுப்ப வேண்டியது எட்டு. கலங்கியதை நீக்கிவிடுங்கள், ஒரே மாதிரி இரண்டு வேண்டாம்.

## 7. அனுப்புவதும் எழுதித் தருவதும்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். `Document` என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது மேலே உள்ள `HD` குறியைத் தொட்டு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். பட்டையில் தேதி எழுதியிருப்பதால் எப்படி அனுப்பினாலும் நாள் தொலையாது.

படங்களோடு ஒரே ஒரு செய்தி, இந்த வரிசையில்: வயது, எந்தத் தேதியில் எந்த இடத்தில் தொடங்கியது, எப்படிப் பரவியது, அரிப்பா எரிச்சலா வலியா, இரவில் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு உண்டா (இருந்தால் சிரங்கா என்று பார்ப்பார்கள்), என்ன வேலை, சாப்பிட்ட, பூசிய மருந்துகள், மருந்து ஒவ்வாமை, சர்க்கரை, கர்ப்பம். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதன் படம்.

அரசின் ஆன்லைன் மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். செல் எண்ணும் ஓ.டி.பி.யும் போதும், டோக்கன் வரும், பேசி முடித்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். அங்கே முதலில் பேசுபவர் பொது மருத்துவராகவும் இருக்கலாம், தோல் டாக்டர் வேண்டுமென்றால் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தனியாரில் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: படத்தை முன்கூட்டி அனுப்பலாமா, நேரில் வரச் சொன்னால் கட்டணம் கழியுமா. மருந்துச் சீட்டில் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், 2020-ஆம் வருடத்து தொலைமருத்துவ வழிகாட்டுதலில் இது உள்ளது. குழந்தைக்கு என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மறைவிடத்துப் படம் என்றால் முகம், தாலி, மச்சம், பச்சை குத்தியது எதுவும் தெரியாமல் எடுங்கள். அந்தப் படத்துக்கு முன், டாக்டர் அதைக் கேட்கிறாரா என்று தெரிந்துகொண்டே அனுப்புங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்கலாம். குழந்தையின் படத்துக்கும் இதே கவனம். போனில் படங்கள் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதி இருந்தால் எடுக்கும் முன் நிறுத்துங்கள், இல்லையென்றால் வீட்டு டிவியிலோ பிள்ளைகளின் போனிலோ வந்து நிற்கும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பவே வேண்டாம். வைத்தியம் முடியும் வரை படங்களை அழிக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பேசும்போது டாக்டர் முதலில் கேட்பது சனிக்கிழமை காலை எடுத்த அந்த முதல் படத்தைத்தான்.